போனிலிருந்து மோட்டார் போடுவது: வைஃபை சுவிட்சும் சிம் ஸ்டார்ட்டரும் செய்யும் வேலை

மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து இயக்கலாம் என்று கேள்விப்படுகிறவர்களில் பலர், கடையில் ஒரு வைஃபை பிளக் வாங்கி, மோட்டார் ஒயரை அதில் சொருகிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். சில மாதங்கள் அது ஓடவும் செய்யும். பிறகு ஒரு நாள் செயலியில் ‘Off’ என்று அழுத்திய பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அது ஏன் அப்படி ஆகிறது என்பது புரிந்துவிட்டால், இந்த ஏற்பாட்டை எப்படி அமைக்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

வைஃபை சுவிட்சின் உள்ளே இருப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று, வீட்டு ரௌட்டர் வழியாக இணையத்தோடு பேசும் சிறிய சில்லு. மற்றொன்று, அந்தச் சில்லு சொன்னபடி மின்பாதையை இணைத்தும் துண்டித்தும் தரும் ரிலே. நீங்கள் செயலியில் விரலை வைத்தவுடன் அந்தக் கட்டளை நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் ரௌட்டருக்கு வந்து, சில்லை அடைந்து, ரிலேயை மூடுகிறது. சிம் வகைக் கருவியிலும் இதே வேலைதான் நடக்கிறது. வைஃபைக்குப் பதிலாகக் கருவிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும், கட்டளை அழைப்பாகவோ குறுஞ்செய்தியாகவோ வந்து சேரும். இரண்டிலும் போன் செய்வது உங்கள் விரல் செய்யும் வேலையை மட்டுமே. தொட்டி நிரம்பிவிட்டதா, கீழே சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை அது செய்வதில்லை. ஆகவே மோட்டாரைத் தொடங்கும் பொறுப்பைப் போனிடம் கொடுக்கலாம், ஆனால் நிறுத்தும் பொறுப்பு மோட்டாருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ரிலே ஏன் ஒட்டிக்கொள்கிறது

வீடுகளில் சாதாரணமாகப் பயன்படும் 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ஒரு எச்பி என்பது 746 வாட். அது மோட்டார் வெளியே தரும் திறன் மட்டுமே. உள்ளே வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மோட்டார் மின்கம்பியிலிருந்து இழுப்பது அதைவிடக் கூடுதலாக இருக்கும், ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மோட்டாரின் சரியான எண் அதன் பெயர்ப்பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 7 ஆம்பியர்தானே, பிளக்கின் மேல் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே என்ற கேள்வி இங்கே நியாயமாக எழும்.

பிரச்சினை ஓடும்போது வருவதில்லை. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரைச் சுழல வைக்கும் முதல் சில கணங்களில் அது வழக்கத்தைப்போல் ஐந்து மடங்கு வரை மின்னோட்டத்தை இழுக்கும். நம் கணக்கில் அது 35 ஆம்பியர். நிறுத்தும்போதும் தொல்லை உண்டு. மோட்டாரின் சுருள் தன்னில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று அறுபடுவதை எதிர்ப்பதால், பிரியும் ரிலே முனைகளுக்கிடையே பொறி பறக்கிறது. பிளக்கின் மேல் எழுதியிருக்கும் 16 ஆம்பியர் பெரும்பாலும் வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்ற, வெறும் வெப்பம் தரும் கருவிகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. மோட்டாரை நேராக அதில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் முனைகள் சிறிதளவு உருகி, ஒரு நாள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிவிடும். அதன்பின் சில்லு ரிலேயைத் திறக்கச் சொன்னாலும் முனைகள் பிரியா. செயலியோ தான் அனுப்பிய கட்டளையை மட்டுமே அறியும் என்பதால், மோட்டார் நின்றுவிட்டதாகவே திரையில் காட்டும்.

இதற்குத் தீர்வு எலக்ட்ரீசியன்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த கான்டாக்டர்தான். கான்டாக்டர் என்பது பெரிய, வலுவான முனைகளைக் கொண்ட சுவிட்ச். அதன் காயிலுக்கு, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு, மின்சாரம் கொடுத்தால் ‘டக்’ என்று மூடிக்கொள்ளும், எடுத்துவிட்டால் உள்ளேயுள்ள ஸ்பிரிங் திறந்துவிடும். மோட்டாருக்குப் போகும் கனமான மின்னோட்டம் கான்டாக்டர் வழியாகப் போகிறது. வைஃபை ரிலே சுமப்பது காயிலுக்குத் தேவையான சொற்ப மின்னோட்டத்தை மட்டுமே, ஆகவே அதன் முனைகள் உருகக் காரணமில்லை. கான்டாக்டர் வாங்கும்போது அதன் மேல் ஏசி-1, ஏசி-3 என்று இரண்டு மதிப்புகள் அச்சிடப்பட்டிருக்கும். ஏசி-1 என்பது வெப்பக் கருவிகளுக்கானது, எண் பெரிதாக இருக்கும். ஏசி-3 என்பது மோட்டார்களுக்கானது, அதைத்தான் பார்க்க வேண்டும். 1 எச்பி மோட்டாருக்கு ஏசி-3 பிரிவில் 12 ஆம்பியர், காயில் 230 வோல்ட் என்று கேட்டு வாங்கினால் தாராளமாகப் போதும். கடைக்காரர் ஏசி-1 எண்ணைக் காட்டி ‘இது 25 ஆம்பியர் சார்’ என்று சொன்னால் அதில் மயங்க வேண்டாம்.

ஒரு வீட்டுக்கான அமைப்பு

தரைக்குக் கீழே 6000 லிட்டர் சம்ப், மொட்டை மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, சம்ப்பின் பக்கத்தில் 1 எச்பி மோட்டார் என்று ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். முதலில் செய்ய வேண்டியது, மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஏற்றுகிறது என்று அளந்துகொள்வது. பெட்டியில் எழுதியிருக்கும் எண் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. மாடியின் உயரம், குழாயின் அளவு, முழங்கை வளைவுகள் எல்லாம் சேர்ந்துதான் உண்மை அளவைத் தீர்மானிக்கின்றன. வீட்டில் யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில், தொட்டியில் 200 லிட்டர் இருக்கும்போது மோட்டாரைப் போட்டு, நிரம்பும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். 800 லிட்டருக்கு 20 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 40 லிட்டர், வெறும் தொட்டி நிரம்ப 25 நிமிடம் என்று கணக்கு வரும். மோட்டாரை மறந்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டால், நிரம்பிய பிறகான 95 நிமிடத்தில் 3800 லிட்டர், அதாவது சம்ப்பில் பாதிக்கும் மேல், மாடியிலிருந்து வழிந்து தெருவுக்குப் போயிருக்கும் என்பதும் அதே கணக்கில் தெரிகிறது.

இந்த 25 நிமிடம்தான் நிறுத்தும் ஏற்பாட்டின் முதல் படி. பெரும்பாலான வைஃபை சுவிட்சுகளில், இயக்கிய பிறகு குறிப்பிட்ட நேரத்தில் தானே அணைந்துவிடும்படி அமைக்க வழியுண்டு. eWeLink செயலியில் இதற்கு ‘Inching’ என்று பெயர். அதில் 30 நிமிடம், அதாவது 1800 விநாடி என்று வைத்துவிட்டால், யார் எங்கிருந்து இயக்கினாலும் மோட்டார் அரை மணிக்கு மேல் ஓடாது. இந்தக் கணக்கைக் கருவியே வைத்துக்கொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் மோட்டார் ஓடும்போது இணையம் அறுந்துபோனால் போனிலிருந்து வரும் ‘Off’ கட்டளை வந்து சேராது. வாங்கியவுடன் ரௌட்டரை அணைத்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். இணைப்பில்லாமலும் குறித்த நேரத்தில் கருவி தானே அணைந்தால் நம்பலாம்.

இரண்டாவது படி, தண்ணீரின் மட்டத்தை நேரடியாக உணரும் மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி. மாடித் தொட்டியின் மேல்விளிம்புக்கருகே ஒரு மிதவை சென்சார், சம்ப்பின் அடியில், உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வுக்குச் சற்று மேலே இன்னொன்று. மேலே நிரம்பினாலும் கீழே வற்றினாலும் கருவியின் முனை திறந்துகொள்ளும். தண்ணீருக்குள் 230 வோல்ட் செல்லும் மிதவை சுவிட்சுகளும் விற்கின்றன. குளிக்கவும் சமைக்கவும் பயன்படும் தண்ணீரில் அந்த ஒயர் கிடப்பதை நான் விரும்புவதில்லை. சென்சார்களுக்குக் குறைந்த வோல்ட்டில் மட்டுமே மின்சாரம் தரும் கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது. எப்படியிருந்தாலும் இந்தப் பாதைக்கு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தே ஆக வேண்டும்.

இனி இணைப்பு. எம்சிபியிலிருந்து வரும் ஃபேஸும் நியூட்ரலும் கான்டாக்டரின் முனைகள் வழியாக மோட்டாருக்குப் போகின்றன. அது கனமான பாதை. அதே எம்சிபியிலிருந்து கிளம்பும் மெல்லிய ஃபேஸ் ஒயர் முதலில் வைஃபை ரிலேக்கும், அங்கிருந்து மட்டக் கருவியின் முனைக்கும், அங்கிருந்து கான்டாக்டர் காயிலின் ஏ1 முனைக்கும் செல்கிறது. ஏ2 முனை நியூட்ரலோடு சேர்கிறது. இரண்டும் வரிசையாக இருப்பதால், போன் சம்மதிக்க வேண்டும், தண்ணீர் மட்டமும் சம்மதிக்க வேண்டும், அப்போதுதான் மோட்டார் ஓடும். ஏதாவது ஒன்று மறுத்தாலும் நின்றுவிடும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள், ஆனால் இந்த வரிசையை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மட்டக் கருவியைத் தனியாகவும் வைஃபை சுவிட்சைத் தனியாகவும், இரண்டும் மோட்டாரை அவரவர் விருப்பப்படி இயக்கும் வகையில் இணையாகக் கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படிக் கட்டினால் மட்டக் கருவி நிறுத்தச் சொன்னாலும் வைஃபை வழியாக மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த வரிசை இணைப்பில் புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. பதினைந்தாவது நிமிடத்தில் தொட்டி நிரம்பி மட்டக் கருவி மோட்டாரை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் இன்னும் ‘On’ என்றுதான் இருக்கும், ஏனென்றால் அது காட்டுவது ரிலேயின் நிலையை, மோட்டாரின் நிலையையன்று. அதற்குள் யாராவது குளித்து மட்டம் இறங்கினால் மோட்டார் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். அரை மணி ஆனதும் ‘Inching’ ரிலேயை அணைத்துவிடுவதால் இது நீண்டுபோகாது. இந்த நேரக் கட்டுப்பாடு இல்லையென்றால், காலையில் போட்ட மோட்டார் நாள் முழுவதும் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

மோட்டார் உண்மையில் தண்ணீர் ஏற்றுகிறதா என்று தெரிய வேண்டுமானால் அது இழுக்கும் மின்திறனைப் பார்க்க வேண்டும். வீட்டு மோட்டார் தண்ணீரில்லாமல் சுழலும்போது வேலை குறைவதால் அது இழுக்கும் வாட்டும் கண்ணில் படும் அளவுக்குக் குறையும். வழக்கமாக ஆயிரம் வாட்டுக்கு மேல் காட்டும் மோட்டார் ஒரு நாள் அறுநூறு எழுநூறில் நின்றால், ஃபுட் வால்வு கசிந்து ஏர் பிடித்திருக்கிறது என்றோ, சம்ப் வற்றிவிட்டது என்றோ பொருள் கொள்ளலாம். அப்படி வெறுமனே ஓடினால் சில நிமிடங்களிலேயே தண்டைச் சுற்றியுள்ள சீல் சூடேறிக் கருகத் தொடங்கும். சம்ப்பின் மிதவை சென்சாரால் வற்றியதைக் கண்டுபிடிக்க முடியும், ஆனால் தண்ணீர் இருந்தும் ஏர் பிடித்ததைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வாட் கணக்குத்தான் வழி. இதற்காக மின் அளவீடு உள்ள வைஃபை சுவிட்சை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் இணைப்பில் அந்தச் சுவிட்சின் வழியாகப் போவது கான்டாக்டர் காயிலின் மின்னோட்டம் மட்டுமே, ஆகவே திரையில் சில வாட்டுகள்தான் தெரியும். மோட்டார் ஒயரைச் சுற்றி மாட்டும் சிடி வளையம் கொண்ட மாதிரியாக இருந்தால்தான் உண்மையான அளவு கிடைக்கும்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் தங்கள் பேனலைப் பார்க்க வேண்டும். பழைய சிங்கிள் ஃபேஸ் பேனல்கள் சிலவற்றில் ஸ்டார்ட் பட்டனை ஓரிரு விநாடி அழுத்திப் பிடித்து, மோட்டார் வேகம் எடுத்ததும் விட வேண்டும். அந்த நேரத்தில் மட்டுமே ஸ்டார்ட்டிங் கண்டென்சர் இணைந்திருக்கும். இங்கே வெறும் ஆன், ஆஃப் ரிலேயைக் கட்டினால் மோட்டார் ‘உம்’ என்று முனகிக்கொண்டு நிற்கும், அல்லது ஸ்டார்ட்டிங் கண்டென்சர் விலகாமல் வெடிக்கும். அத்தகைய பேனலுக்கு, தொடக்கத் துடிப்பைத் தனியாகத் தரும் கட்டுப்பாட்டுக் கருவியே பொருந்தும்.

மின்வெட்டும் வைஃபை சிக்னலும்

மோட்டார் ஓடும்போது மின்சாரம் போய், நடு இரவில் திரும்பி வந்தால் என்ன நடக்கும்? அது செயலியில் உள்ள ஒரே ஓர் அமைப்பைப் பொறுத்தது. ‘Power-on State’ என்ற பெயரில் வரும் அந்த அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் இயங்குவது, அணைந்தே இருப்பது, கடைசி நிலையைத் தொடர்வது என்று மூன்று தேர்வுகள் இருக்கும். மோட்டாருக்கு அணைந்தே இருப்பதுதான் சரி. கடைசி நிலையைத் தொடரும்படி விட்டுவைத்த வீடுகளில், எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும்போது மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும்.

சிக்னலைப் பொறுத்தவரை, இந்தச் சுவிட்சுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் சுவிட்ச் இணையவே இணையாது. மோட்டார் பெரும்பாலும் வீட்டின் பின்பக்கச் சுவரோரம் இருக்கும், ரௌட்டர் முன்னறையில் இருக்கும். போதாக்குறைக்கு எலக்ட்ரீசியன் சுவிட்சை இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் சிக்னல் அடைபட்டுவிடும். வைஃபை சுவிட்சுக்குப் பிளாஸ்டிக் பெட்டி போதும். பெட்டி திறந்திருக்கும்போது இணைந்து, மூடியதும் துண்டிக்கப்பட்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

வைஃபை எட்டாத இடத்தில்

தோட்டத்துக் கிணறு, பூட்டியிருக்கும் ஊர் வீடு போன்ற இடங்களில் சிம் கருவிதான் பொருந்தும். விவசாயக் கிணறுகளில் மும்முனை மோட்டாருக்கு ஏற்கனவே ஒரு ஸ்டார்ட்டர் இருக்கும் என்பதால் தனியாகக் கான்டாக்டர் தேவைப்படாது, அது ஸ்டார்ட்டருக்குள்ளேயே இருக்கிறது. பச்சைப் பட்டனை ஒரு கணம் அழுத்தினால் கான்டாக்டர் மூடிக்கொண்டு, தன் துணை முனை வழியாகத் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. சிவப்புப் பட்டன் அந்தப் பிடியை அறுக்கிறது. சிம் கருவியின் ஒரு ரிலே பச்சைப் பட்டனுக்கு இணையாகக் கட்டப்பட்டு, ஓரிரு விநாடி மட்டும் மூடித் திறக்கும். இன்னொரு ரிலே சிவப்புப் பட்டனின் பாதையில் வரிசையாக இருந்து, நிறுத்தும்போது திறக்கும். பட்டன்கள் முன்போலவே வேலை செய்யும், மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் நிறுத்திவிடும், ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயும் காவலுக்கு இருந்துகொண்டே இருக்கும். ஓவர்லோடு ரிலேயை விலக்கிவிட்டுக் கருவியை நேராகக் கட்டிக்கொடுக்க யாரேனும் முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

சாதாரண ஸ்டார்ட்டர் மின்சாரம் போனதும் பிடியை விட்டுவிடும், திரும்பி வந்தாலும் யாராவது பட்டனை அழுத்தும் வரை ஓடாது. சிம் கருவிகளில் உள்ள ‘ஆட்டோ’ நிலை இதை மாற்றிவிடுகிறது: மும்முனை மின்சாரம் வந்ததும் சிறிது நேரம் காத்திருந்து மோட்டாரைத் தானே போட்டுவிடும். மும்முனை மின்சாரம் இன்ன நேரத்துக்கு வரும் என்று காத்துக்கிடக்கும் விவசாயிக்கு இது பெரிய உதவிதான். ஆனால் ஒரு ஃபேஸ் வராமல் இரண்டில் மட்டும் மோட்டார் கிளம்பினால் சுருள் கருகிவிடும் என்பதால், மூன்று ஃபேஸும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தொடங்கும் காவல் கருவியில் இருக்க வேண்டும். கிணறு வற்றினால் மின்னோட்டம் குறைவதைக் கண்டு நிறுத்தும் காவலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கருவியில் ஆட்டோ நிலையைத் தொடவே கூடாது.

எந்த சிம் போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விலை குறைந்த கருவிகளில் பல 2ஜி மட்டுமே பிடிக்கக்கூடியவை. ஜியோவில் 2ஜி இல்லை, ஆகவே அந்தக் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. கிணற்றடியில் எந்த நிறுவனத்தின் 2ஜி சிக்னல் நன்றாக இருக்கிறது என்று சாதாரண பட்டன் போனைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அந்த சிம்மை வாங்குவது எளிய வழி. சிம்மைக் கருவியில் போடுவதற்கு முன் ஒரு போனில் போட்டு சிம்மின் PIN எண் பூட்டை நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கருவி அதைத் திறக்க முடியாமல் நிற்கும். ரீசார்ஜ் காலம் முடிந்தால் சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். நேற்றுவரை நன்றாக ஓடிய கருவி இன்று அசையவில்லை என்றால் ஒயரைப் பிரிப்பதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு முறை அழைத்துப் பாருங்கள், மணி அடிக்கவில்லையென்றால் கோளாறு சிம்மிலோ சிக்னலிலோ இருக்கக்கூடும்.

கருவிக்கு அழைத்து மோட்டாரைப் போடும் உரிமை, அதில் பதிந்துள்ள எண்களுக்கு மட்டுமே இருக்க வேண்டும். பெட்டியோடு வரும் கையேட்டில் அச்சிட்ட கடவுச்சொல்லை அப்படியே விட்டால், கையேட்டைப் படித்த யாரும் ஒரு குறுஞ்செய்தியில் தங்கள் எண்ணையும் சேர்த்துக்கொள்ள முடியும். கருவியைப் பொருத்திய அன்றே அதை மாற்றிவிட வேண்டும்.

வைஃபையோ சிம்மோ, பழைய கைச் சுவிட்சை எடுத்துவிடாதீர்கள். ‘கை, நிறுத்தம், போன்’ என்று மூன்று நிலை கொண்ட தேர்வுச் சுவிட்ச் ஒன்றைக் கட்டச் சொன்னால், கருவி கெட்ட நாளிலும் தண்ணீர் ஏற்ற முடியும். கை நிலை கடந்து போவது வைஃபை ரிலேயை மட்டுமாக இருக்கட்டும், மட்டக் கருவி அந்த நிலையிலும் காவலுக்கு இருக்க வேண்டும். மோட்டாரில் யாராவது வேலை செய்யும்போது இந்தத் தேர்வுச் சுவிட்சை நம்பக் கூடாது. அது ‘போன்’ நிலையிலேயே விடப்பட்டிருந்தால், சம்ப்புக்குள் ஒருவர் கையை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், அலுவலகத்தில் இருக்கும் மகனோ வெளியூரில் இருக்கும் அண்ணனோ அது தெரியாமல் போனில் மோட்டாரைப் போட்டுவிட முடியும். எம்சிபியை இறக்கி, அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டி, போனில் உரிமையுள்ள எல்லோருக்கும் சொல்லிவிட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.